யானை, அமோனியா, நாய்: அடிபட்டவர் எங்கே நின்றார்?

ஒருவரால் இன்னொருவருக்கு நேரும் தீங்குக்கு இழப்பீடு பேசுவது தீங்கியல் சட்டம். அந்தத் தேர்வில் ஆபத்தான விலங்குகளைப் பற்றி ஒரு கேள்வியும், தப்பித்து வெளியேறும் அபாயப் பொருள்களைப் பற்றி இன்னொரு கேள்வியும் தனித்தனியாக வருவது வழக்கம். மாணவர்களும் இரண்டையும் இரண்டு பாடமாகவே மனப்பாடம் செய்கிறார்கள். ஒரே கேள்வியில் இரண்டையும் கலந்து கொடுத்தால்தான் சிக்கல். எது எங்கே பொருந்தும் என்று தெரியாமல், தெரிந்த வழக்குப் பெயர்களை எல்லாம் வரிசையாகக் கொட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். விடைத்தாள் திருத்தும்போது அந்த வரிசையை எத்தனையோ முறை படித்தாயிற்று. அதனால் அப்படிப்பட்ட கலப்புக் கேள்வி ஒன்றை நானே அமைத்து, அதற்கு விடையும் எழுதிப் பார்க்கிறேன்.

கேள்வி இதுதான். ஒரு கடலோர ஊரில் மீன் வியாபாரத்துக்கு ஐஸ் தயாரிக்கும் ஆலை இருக்கிறது. குளிரூட்டும் குழாய்களில் அமோனியா ஓடுகிறது. ஒரு மாலை, வெளி ஒப்பந்தக்காரர் சில நாள்களுக்கு முன் பழுதுபார்த்த வால்வு உடைந்து வாயு பீறிடுகிறது. ஆலைக்காரர் நல்ல ஒப்பந்தக்காரரைத்தான் அமர்த்தியிருந்தார், எல்லாச் சோதனைகளையும் காலத்தில் செய்தவர், அவர் பக்கம் கவனக்குறைவு எதுவும் இல்லை. ஆலைக்குள் ஐஸ் பாளம் தள்ளிக்கொண்டிருந்த தொழிலாளிக்கு நுரையீரல் பாதிக்கப்படுகிறது. மதிலை ஒட்டிய வீட்டில் இருக்கும் மூதாட்டிக்குக் கண் போகிறது. அதே நேரம் தெருவில் கோயில் ஊர்வலம். வாடகைக்கு வந்த யானை நெடி தாங்காமல் பிளிறிக்கொண்டு, பாகனின் சொல்லை மீறி ஓடுகிறது. அது யாரையும் தாக்கவில்லை. ஓடிய வேகத்தில் ஒரு பழக்கடையின் பந்தல் சாய்ந்து, கடைக்காரரின் தோள் எலும்பு முறிகிறது. ஆலையின் காவல் நாயும் மிரண்டு வெளியே பாய்ந்து, பார்சல் கொண்டுவந்த இளைஞரைக் கடிக்கிறது. அந்த நாய் முன்பு ஒரு ஆட்டைக் கடித்தது வாட்ச்மேனுக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. நால்வரும் வழக்குப் போடுகிறார்கள். யார் ஜெயிப்பார்கள்?

விடையை ஒரு மாட்டிலிருந்து தொடங்குவேன். கட்டு அவிழ்ந்த மாடு பக்கத்து வயலில் இறங்கிப் பயிரை மேய்ந்துவிட்டால், ‘நான் கயிறு நல்லாத்தான் கட்டியிருந்தேன்’ என்று மாட்டுக்காரர் சொல்வது எடுபடாது. நம் ஊரில் மாட்டைப் பவுண்டில் அடைத்துவிடுவார்கள். அதற்கான மத்தியச் சட்டமே 1871-இல் வந்தது. இங்கிலாந்திலும் இது மிகப் பழைய விதி. 1866-இல் ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கில் நீதிபதி பிளாக்பர்ன் செய்தது, இந்த மாட்டு விதியை எடுத்துத் தண்ணீருக்கும் புகைக்கும் சாக்கடைக்கும் நீட்டியதுதான். பக்கத்து வீட்டுக்காரரின் மாடு மேய்ந்த பயிரும், பக்கத்து நிலத்து நீர்த்தேக்கம் உடைந்து மூழ்கிய சுரங்கமும் அவர் தீர்ப்பில் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆக, விலங்கும் அபாயப் பொருளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒருவர் தன் தேவைக்காக ஆபத்தான ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டால், அதைக் கட்டிக் காப்பதும் அவர் தலைமேல். அது தப்பினால், தப்பு யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

வேர் ஒன்றாக இருந்தாலும் ‘தப்பித்தல்’ என்ற சொல்லுக்குப் பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்த விடையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பொருள் என்றால் நிலத்தின் எல்லையைத் தாண்ட வேண்டும். விலங்கு என்றால் வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டைத் தாண்டினால் போதும். இந்தியாவில் அபாயகரமான தொழில் என்றால் எதையுமே தாண்ட வேண்டியதில்லை. அதனால் அடிபட்டவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று கேட்டுக்கொண்டே போனால், நால்வரின் வழக்கும் தானாகப் பிரிந்துகொள்ளும்.

முதலில் மூதாட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர். ரைலண்ட்ஸ் விதி உருவானதே இப்படிப்பட்டவருக்காகத்தான். அந்த வழக்கில் லங்காஷயரில் ஆலை வைத்திருந்த ரைலண்ட்ஸ், தண்ணீர் தேக்கத் திறமையான பொறியாளரையும் ஒப்பந்தக்காரரையும் அமர்த்தினார். தோண்டும்போது பழைய சுரங்கக் குழிகள் தென்பட்டன. ஒப்பந்தக்காரர்கள் அவற்றைச் சரியாக அடைக்கவில்லை. 1860 டிசம்பரில் தண்ணீர் அந்தக் குழிகள் வழியாக இறங்கி, ஃபிளெட்சரின் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் தனிப்பட்ட முறையில் எந்தத் தவறும் செய்யவில்லை. இருந்தும் அவர்தான் பொறுப்பு என்று முடிவானது. 1868-இல், அங்கே அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது. நம் ஐஸ் ஆலைக்காரர் ‘வால்வு பார்த்தது வெளி ஆள்’ என்று சொன்னால், இந்த வழக்கே அவருக்குப் பதில். தான் அமர்த்திய ஒப்பந்தக்காரரை அந்நியர் என்று அவர் காட்ட முடியாது. அந்நியரின் செயல் என்ற எதிர்வாதம், கட்டுப்பாட்டில் இல்லாத யாரோ ஒருவர் வந்து குழாயை உடைத்திருந்தால்தான் பேசவேண்டியது.

பிரபுக்கள் சபையில் கெய்ர்ன்ஸ் பிரபு ஒரு நிபந்தனையைக் கூட்டினார். நிலத்தின் பயன்பாடு ‘இயல்பற்றதாக’ இருக்க வேண்டும். இது என்ன அளவுகோல் என்று கேட்டால், ஒரு ஊரில் இயல்பற்றது இன்னொரு ஊரில் இயல்பாக இருக்கும் என்பதுதான் நேர்மையான பதில். இதற்கு நம் பக்கத்து வழக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. சென்னை மாகாணத்தில் கார்வேட்டிநகர் ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமானது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ஜமீன்தார்மீது வழக்குப் போட்டது. தண்ணீரைத் தேக்கியவர், தண்ணீர் தப்பியது, சேதம் வந்தது. ரைலண்ட்ஸ் வழக்கை அச்சில் வார்த்தது போலத்தான் இருந்தது. ஆனால் 1874-இல், நம் வழக்குகளுக்கு அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் ரயில்வேயின் பக்கம் நிற்கவில்லை. ஏரி ஜமீன்தார் தன் ஆசைக்கு வெட்டியது அல்ல, அது காலம் காலமாக அந்த நாட்டின் பாசன ஏற்பாட்டில் ஒரு பகுதி, அதைப் பராமரிப்பது அவருடைய கடமை, அதை மூடிவிட அவருக்கு உரிமையே கிடையாது என்று பார்த்தது. கவனக்குறைவை நிரூபித்தால்தான் பொறுப்பு. லங்காஷயரில் ஒரு நீர்த்தேக்கம் தனி மனிதரின் வியாபாரம். வட ஆற்காட்டில் ஏரி இல்லாவிட்டால் சோறு இல்லை. சட்டம் அந்த வித்தியாசத்தைப் பார்த்தது என்பது எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம். நம் கேள்வியில் வருவது ஏரி அல்ல. வீடுகளுக்கு நடுவே அழுத்தத்தில் அடைத்து வைத்த நச்சு வாயு. மீன் வியாபாரத்துக்கு ஐஸ் வேண்டும்தான், ஆனால் அந்த வாதம் ஆலைக்காரரைக் காப்பாற்றும் என்று நான் நினைக்கவில்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இங்கிலாந்தில் இன்றைக்கு இதே மூதாட்டி ரைலண்ட்ஸ் விதியின் கீழ் ஜெயிப்பது கஷ்டம். 2003-இல் டிரான்ஸ்கோ வழக்கில் பிரபுக்கள் சபை, இந்த விதி நிலத்துக்கும் நில உரிமைக்கும் வரும் சேதத்துக்கானது, உடல் காயத்துக்கு இதன் கீழ் இழப்பீடு கிடையாது என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பே 1993-இல், கேம்பிரிட்ஜ் வாட்டர் வழக்கில், என்ன வகைச் சேதம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அங்கே விதி சுருங்கிக்கொண்டே வந்தது. இங்கே அது எதிர்த்திசையில் போனது. மூதாட்டிக்கு ரைலண்ட்ஸை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

அடுத்து தொழிலாளி. அவர் நின்றது மதிலுக்கு உள்ளே. வாயு அவரைத் தாக்கியபோது அது இன்னும் ஆலையின் எல்லையைத் தாண்டவில்லை. பழைய விதிப்படி அவர் கதை அங்கேயே முடிந்துவிடும். 1942-இல் இங்கிலாந்தில் ஒரு வெடிகுண்டுத் தொழிற்சாலைக்குள் ஆய்வாளராக வேலை பார்த்த பெண் ஒருவர், குண்டு வெடித்துக் காயமடைந்தார். யாருடைய கவனக்குறைவும் இல்லை. ரீட் எதிர் லயன்ஸ் என்ற அந்த வழக்கில், 1946-இல் பிரபுக்கள் சபை அவருக்கு ஒன்றும் கிடையாது என்றது. குண்டு தொழிற்சாலையை விட்டு வெளியே போகவில்லை. ஆகவே ‘தப்பிக்கவில்லை’. தெருவில் போனவர் அடிபட்டிருந்தால் பணம், உள்ளே வேலை பார்த்தவர் அடிபட்டால் இல்லை. முதன்முதலில் படிக்கும் எந்த மாணவருக்கும் இது அநியாயமாகத்தான் தோன்றும். தோன்றட்டும். ஆனால் தேர்வில் இந்த விதியை அப்படியே எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

இந்த எல்லைக் கணக்கு எவ்வளவு கறாரானது என்று காட்ட ஒரு சின்ன ஜோடி வழக்கு உண்டு. யூ என்ற மரத்தின் இலை கால்நடைகளுக்கு நஞ்சு. ஒரு வழக்கில் மரத்தின் கிளை வேலியைத் தாண்டிப் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்குள் நீண்டிருந்தது. குதிரை அதைத் தின்று செத்தது. மரத்துக்காரர் பொறுப்பு. இன்னொரு வழக்கில் கிளை வேலியைத் தாண்டவில்லை. குதிரைதான் கழுத்தை நீட்டி எல்லையைத் தாண்டித் தின்றது. மரத்துக்காரர் தப்பினார். சில அங்குல வித்தியாசம். தப்பித்தது மரமா, குதிரையின் கழுத்தா என்பதுதான் கேள்வி.

சரி, நம் தொழிலாளிக்கு வருவோம். 1985 டிசம்பர் 4-ஆம் தேதி டெல்லியில் ஸ்ரீராம் ஃபுட் அண்ட் ஃபெர்டிலைசர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. போபால் நடந்து அப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு வழக்கறிஞர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஆலையை மூடச் சொல்லி எம்.சி. மேத்தா போட்ட மனு ஏற்கெனவே உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. இழப்பீட்டு விண்ணப்பங்களும் அதோடு சேர்ந்துகொண்டன. 1986 டிசம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு நாட்டின் தேவைக்காகப் பிறந்த விதிக்கு நாம் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டியதில்லை என்று சொல்லி, புதிதாக ஒரு விதி வகுத்தது. அபாயகரமான தொழிலை லாபத்துக்காக நடத்தும் நிறுவனம், அதில் விபத்து நேர்ந்து யாருக்குத் தீங்கு வந்தாலும் முழுமையாகப் பொறுப்பு. ஆலைக்குள் வேலை செய்பவர், சுற்றுப்புறத்தில் வசிப்பவர் என்ற பேதம் இல்லை. எதிர்வாதம் எதுவும் கிடையாது. இழப்பீடு நிறுவனத்தின் பருமனையும் வசதியையும் பொறுத்துக் கூடும்.

இதைத்தான் முழுமைப் பொறுப்பு, அதாவது அப்சல்யூட் லயபிலிட்டி என்கிறோம். மாணவர்கள் இதை ‘விதிவிலக்கு இல்லாத ரைலண்ட்ஸ்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அது பாதிதான். கடவுள் செயல், அந்நியர் செயல் போன்ற விலக்குகள் போனது ஒரு மாற்றம். ‘தப்பித்தல்’ என்ற நிபந்தனையே போனது அதைவிடப் பெரிய மாற்றம். ரீட் வழக்கின் ஆய்வாளர் 1986-க்குப் பிறகு இந்தியாவில் வழக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பார். பகவதி சொன்ன காரணமும் எல்லைக்கோட்டைப் பொருட்படுத்தாதது. ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவும், அதைத் தடுக்கவும், எச்சரிக்கவும் வசதி உள்ளது நிறுவனத்துக்கு மட்டும்தான். லாபம் பார்க்கிறவர் விபத்துச் செலவையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். இந்த நியாயம் மதிலுக்கு உள்ளே இருப்பவருக்கும் பொருந்தும். உள்ளே இருப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கூடவே பொருந்தும்.

நல்ல விடை என்றால் இந்தத் தீர்ப்பின் பலவீனத்தையும் இரண்டு வரி சொல்லும். விதியை வகுத்த நீதிமன்றம் அந்த வழக்கில் தானே இழப்பீடு கொடுக்கவில்லை. ஸ்ரீராம் நிறுவனத்தை ‘அரசு’ என்று கருதலாமா என்ற அரசமைப்புச் சட்டக் கேள்வியை முடிக்காமல் விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்காக உரிய நீதிமன்றங்களில் வழக்குத் தொடரும்படி டெல்லி சட்ட உதவி வாரியத்திடம் சொன்னது. அதனால் இந்த விதி தீர்ப்புக்குத் தேவையில்லாமல் சொன்ன கருத்துத்தானா என்ற சந்தேகம் பிறகு போபால் வழக்கிலேயே எழுப்பப்பட்டது. 1996-இல், ராஜஸ்தானின் பிச்ச்ரி கிராமத்து நிலத்தடி நீரை ரசாயன ஆலைகள் கெடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அது கட்டுப்படுத்தும் சட்டம்தான் என்று சொல்லி அதையே பின்பற்றியது. இருந்தாலும் குழப்பம் முழுசாகத் தீரவில்லை. 2020 மே மாதம் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தன் முதல் உத்தரவில் பயன்படுத்திய சொல் ‘ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டி’, அதாவது ரைலண்ட்ஸ் காலத்துச் சொல். சட்டம் தெரிந்தவர்கள் உடனே புருவம் உயர்த்தினார்கள். தீர்ப்பாயத்துக்கே சறுக்கும் இடம் என்றால் மாணவருக்குச் சறுக்குவதில் ஆச்சரியமில்லை.

தொழிலாளிக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. போபாலுக்குப் பிறகு 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், யாருடைய தவறு என்று நிரூபிக்காமலே உடனடி நிவாரணம் தருகிறது. ஆனால் அது ‘தொழிலாளி’யை வெளியே நிறுத்துகிறது. அவருக்கு வழியாக இருந்தது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பரிலிருந்து அதன் இடத்தில் இருப்பது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. மேலும் அந்தக் காப்பீட்டுச் சட்டம், அறிவிக்கப்பட்ட அளவுக்கு மேல் அபாயப் பொருளைக் கையாளும் இடங்களுக்கு மட்டும்தான். சின்ன ஐஸ் ஆலையில் இருக்கும் அமோனியா அந்த அளவை எட்டாமல் போகலாம். ஆக மூதாட்டிக்கு அந்தச் சட்டம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தொழிலாளிக்கு எப்படியும் கிடைக்காது. மேத்தா விதி இருவருக்கும் கிடைக்கும், ஐஸ் ஆலை ‘அபாயகரமான தொழில்’ என்று நீதிமன்றம் ஏற்றால். வாயு மூச்சில் பட்டால் நுரையீரலையும் கண்ணையும் கெடுக்கும், சுற்றிலும் வீடுகள் இருக்கின்றன என்ற இரண்டையும் வைத்து ஏற்கும் என்றே நான் எழுதுவேன்.

இப்போது யானை. இங்கேதான் பலர் ரைலண்ட்ஸைக் கொண்டுவந்து தெருவில் யானைக்கு எல்லைக்கோடு தேடுகிறார்கள். தேவையே இல்லை. விலங்குகளுக்குச் சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. இயல்பிலேயே கொடியவை ஒரு வகை, இயல்பிலேயே சாதுவானவை ஒரு வகை. புலி, கரடி, சிங்கம், குரங்கு முதல் வகை. நாய், பசு, குதிரை, பூனை இரண்டாம் வகை. முதல் வகையை வைத்திருப்பவருக்கு அதன் கொடுமை தெரியும் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் வகையில் அந்தக் குறிப்பிட்ட பிராணியின் கெட்ட குணம் வைத்திருப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று வாதி நிரூபிக்க வேண்டும். இதற்குத்தான் சயென்டர் விதி என்று பெயர்.

யானை எந்த வகை? கோயில் வாசலில் துதிக்கையால் ஆசீர்வாதம் வாங்கி வளர்ந்த நமக்கு அது வீட்டுப் பிராணி போலத்தான் தோன்றும். ஆங்கில நீதிமன்றம் 1890-லேயே யானை முதல் வகை என்று சொல்லிவிட்டது. இந்த யானை சாது, பழகியது என்று வாதாட இடமில்லை, ஏனென்றால் சட்டம் பார்ப்பது இனத்தைத்தான், ஆளை அல்ல. நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில்தான் யானை இருக்கிறது. எத்தனை வருடம் சங்கிலியில் நின்றாலும் அது சட்டத்தின் கண்ணில் காட்டு விலங்கு என்று வாதாட அது உதவும். ஒட்டகத்தின் கதை இதற்கு நேர்மாறு. 1940-இல் ஒரு மிருகக்காட்சிசாலையில் ஆப்பிள் கொடுத்தவரை ஒட்டகம் கடித்தது. உலகத்தில் எங்கேயும் ஒட்டகம் காட்டில் திரிவதில்லை, எல்லாம் வளர்ப்பு ஒட்டகம்தான் என்று சாட்சி சொல்லவே, அது சாது வகையில் போய்விட்டது. பிறகு 1971-இல் இங்கிலாந்து சட்டம் இயற்றி, பிரிட்டிஷ் தீவுகளில் சாதாரணமாக வளர்க்கப்படாத, வளர்ந்தால் கடும் சேதம் விளைவிக்கக்கூடிய இனம் எல்லாம் ஆபத்தானது என்று மாற்றியது. ஒட்டகம் மறுபடி கொடிய விலங்கானது. அந்தச் சட்டம் இந்தியாவுக்கு வரவில்லை. அதனால் அங்கே காலாவதியான பழைய விதிகளை இங்கே நாம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பழக்கடைக்காரரின் வழக்குக்கு நேரே பொருந்துவது 1957-இல் தீர்ப்பான பெஹ்ரன்ஸ் எதிர் பெர்ட்ராம் மில்ஸ் சர்க்கஸ். லண்டனில் சர்க்கஸை ஒட்டிய பொருட்காட்சியில், உயரம் குறைந்த தம்பதி ஒருவர் கூடாரம் போட்டுத் தங்களைக் காட்சிப்படுத்திப் பிழைத்து வந்தார்கள். அந்த வழியாகத்தான் சர்க்கஸ் யானைகள் வரிசையாகப் போகும். அவர்களுடைய மேலாளர் சிம்பா என்ற குட்டி நாயை வைத்திருந்தார். ஒரு நாள் சிம்பா குரைத்துக்கொண்டு புல்லு என்ற பெண் யானைமீது பாய்ந்தது. புல்லு மிரண்டு நாயைத் துரத்தியது. கூடாரத்தின் முகப்பு சரிந்து அந்த மனைவிமீது விழுந்தது. புல்லு நன்றாகப் பழகிய யானை. அதற்கு யார்மீதும் கோபம் இல்லை. காயம்கூட யானையால் நேராக வரவில்லை. ஆனாலும் நீதிபதி டெவ்லின் சர்க்கஸ் நிறுவனத்தைப் பொறுப்பாக்கினார்.

அவர் சொன்ன மூன்று விஷயங்கள் நம் கேள்விக்கு விடை. ஒன்று, விலங்கு கெட்ட எண்ணத்தோடு தாக்கியிருக்க வேண்டியதில்லை. நடு ராத்திரியில் விழித்துப் பார்த்தால் கட்டில்மேல் புலி உட்கார்ந்திருக்கிறது, மாரடைப்பு வருகிறது. புலி அன்பாகத்தான் வந்திருந்தது என்று சொல்லி யாரும் தப்ப முடியாது என்று அவர் வேடிக்கையாகவே எழுதினார். இரண்டு, மூன்றாம் ஆளின் தவறான செயல் விலங்கைத் தூண்டியது என்பது எதிர்வாதம் ஆகாது. அங்கே சிம்பா, இங்கே அமோனியா. மூன்று, விலங்கு எந்த நிலத்தையும் விட்டுத் தப்பியிருக்க வேண்டியதில்லை, கட்டுப்பாட்டை விட்டுப் போயிருந்தால் போதும். இந்த மூன்றாவதற்கு ஒரு வரம்பும் வைத்தார். யானை கால் இடறி விழுந்து யாருக்காவது அடிபட்டால் அதற்கு இந்தக் கடும் பொறுப்பு இல்லை, ஏனென்றால் அங்கே கட்டுப்பாடு தவறவில்லை. நம் யானை பாகனின் சொல்லை மீறி ஓடியது என்று கேள்வியிலேயே இருக்கிறது. அந்த நான்கு சொல் இல்லாமலிருந்தால் விடை மாறலாம். கேள்வியை இரண்டு முறை படிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வது இதற்காகத்தான்.

யார்மீது வழக்கு? பழைய விதியில் பொறுப்பு விலங்கை வைத்திருப்பவர்மேல், அதாவது அதன்மீது கட்டுப்பாடு உள்ளவர்மேல். யானை வாடகைக்கு வந்தது, ஆனால் பாகன் யானைக்காரரின் ஆள். அதனால் கட்டுப்பாடு யானைக்காரரிடமே இருந்தது. விழாக் குழுவையும் பிரதிவாதியாகச் சேர்க்கலாம், ஆனால் அவர்கள்மீது கவனக்குறைவைக் காட்ட வேண்டியிருக்கும்.

நாய்க்கடி கொஞ்சம் ஏமாற்றும். நாய் சாது வகை. ‘முதல் கடி இலவசம்’ என்று மாணவர்கள் எழுதுவார்கள். அது சரியில்லை. கடிக்காமலே பாய்ந்து பாய்ந்து மிரட்டும் நாய் என்று தெரிந்திருந்தாலும் போதும். கேள்வியில் உள்ள பொறி இரண்டு. முதலாளிக்குத் தெரியாது, வாட்ச்மேனுக்குத் தெரியும். நாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கும் வேலையாளுக்குத் தெரிந்தது முதலாளிக்குத் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். 1872-இல் ஒரு வண்டிக்காரர் விஷயத்தில் இது முடிவானது. ஆக அந்தப் பொறியில் முதலாளி மாட்டிக்கொண்டார் என்று நினைக்கும்போது இரண்டாவது பொறி. தெரிந்திருந்தது என்ன? ஆட்டைக் கடித்தது. ஆட்டைக் கடித்த நாய் மனிதரைக் கடிக்கும் என்று தெரிந்ததாக ஆகாது என்று 1896-இலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. அதனால் சயென்டர் விதியில் பார்சல் இளைஞர் தோற்பார்.

அவருக்கு மிச்சம் இருப்பது சாதாரணக் கவனக்குறைவு வழக்கு. நாய் கட்டப்பட்டிருந்ததா, கேட் திறந்து கிடந்ததா, வாட்ச்மேன் எங்கே போயிருந்தார் என்று விசாரிக்க வேண்டும். ஆலைக்காரர்மீது வால்வு விஷயத்தில் கவனக்குறைவு இல்லை என்று கேள்வி சொல்கிறது. நாய் விஷயத்தில் அப்படிச் சொல்லவில்லை. பிராணியைக் கவனக்குறைவாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின் கீழ் குற்றமும் ஆகும். ஆனால் குற்றம் வேறு, இழப்பீடு வேறு. தீங்கியல் விடையில் அதை ஒரு வரியோடு விட்டுவிடலாம்.

கடைசியாக ஒரு சந்தேகம் மிஞ்சும். பழக்கடைக்காரரும் பார்சல் இளைஞரும் ஐஸ் ஆலைமீதே மேத்தா விதியின் கீழ் போனால் என்ன? யானையும் நாயும் மிரண்டது அமோனியாவால்தானே? மேத்தா தீர்ப்பு, விபத்தால் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் என்றுதான் சொல்கிறது. எவ்வளவு தூரத்துப் பாதிப்பு வரை என்று கோடு போடவில்லை. நச்சு வாயு கசிந்தால் மனிதரும் பிராணியும் தெருவில் தலைதெறிக்க ஓடும் நெரிசலில் அடிபடுவது அந்த விபத்தின் நேரடி விளைவுதான் என்று நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு வக்கீல், வாயு தொட்டவருக்குத்தான் பொறுப்பு, யானை ஓடியதில் அடிபட்டவருக்கும் நாய் கடித்தவருக்கும் இல்லை என்பார். இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் இருவரின் நிலையும் ஒன்றல்ல. பழக்கடைக்காரருக்கு இந்த வாதம் தோற்றாலும் நட்டமில்லை, யானைக்காரர் எப்படியும் பொறுப்பு. அவருக்கு நான் சொல்வது, இரண்டு பேரையும் பிரதிவாதியாகச் சேர்த்துவிடுங்கள், யார் எவ்வளவு கொடுப்பது என்று அவர்களே அடித்துக்கொள்ளட்டும் என்று. நாய்க்கடி வாங்கிய இளைஞருக்கு அப்படி ஒரு பிடி இல்லை. கேட்டையும் சங்கிலியையும் வைத்துக் கவனக்குறைவை நிரூபிக்க முடியாவிட்டால், வாயுவோடு தொடுக்கும் இந்த வாதம் ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.